கீறல் விழுந்த வாளியும் அன்னாசி ரின்னும்: எந்த உலோகம் முதலில் அரிபடும்?

யாழ்ப்பாணத்தில் கிணற்றடி இல்லாத வீடு குறைவு. கிணற்றடியில் சாம்பல் நிறக் கல்வனைஸ் வாளி ஒன்று இருக்கும். வீட்டின் பின்புறத்தில் வெறும் ரின்களும் இரண்டொன்று கிடக்கும். வாளியும் ரின்னும் இரும்புத் தகடுதான். வாளியின் மேல் நாகம் பூசப்பட்டிருக்கிறது, ரின்னின் மேல் வெள்ளீயம் பூசப்பட்டிருக்கிறது. என் வாப்பா பழைய இரும்பு வாங்கி விற்பவர். எங்கள் முற்றத்தில் வந்து சேரும் சாமான்களைப் பார்த்தால் ஒரு வித்தியாசம் தெளிவாகத் தெரியும். கயிறு உரசிக் கீறல் விழுந்த வாளியில் அந்தக் கீறலில் பல வருடங்களுக்குத் துரு ஏறாது. கீறல் விழுந்த ரின்னோ ஒரு மாரிக்குள் அந்தக் கோடு வழியாகவே ஓட்டையாகிவிடும்.

இதைவிட வியப்பான விடயமொன்று ரின்னின் உட்புறத்தில் இருக்கிறது. பூச்சு மெழுகப்படாத அன்னாசி ரின்னொன்றைத் திறந்து பழத்தை எடுத்த பின் உள்ளே பாருங்கள். வெள்ளீயம் மங்கிச் சாம்பல் பூத்திருக்கும், ஆனால் செந்துரு இராது. வெளிப்புறத்தில் இரும்பைக் கைவிட்ட அதே வெள்ளீயம் உட்புறத்தில் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றியிருக்கிறது. உலோகங்கள் மாறவில்லை, ஆனால் தாக்கம் நடக்கும் திசை மாறிவிட்டது. மின்னிரசாயன அலகில் நாம் படிக்கும் நியம மின்வாய் அழுத்தமும் அயன் செறிவும் சேர்ந்து இந்தப் புதிரை விடுவிக்கும் விதத்தை இங்கே பார்ப்போம்.

அட்டவணை சொல்வது

ஓர் உலோகத்தை அதன் அயன் கரைசலில் வைத்தால், அது இலத்திரன்களை விட்டுக் கரைய எவ்வளவு நாட்டம் உள்ளது என்பதை மின்வாய் அழுத்தம் காட்டுகிறது. அயனின் செறிவு 1 mol dm⁻³, வெப்பநிலை 25 °C எனில் அது நியம மின்வாய் அழுத்தம், E°. நமக்கு மூன்று பெறுமானங்கள் போதும்.

Zn²⁺ / Zn : E° = −0.76 V
Fe²⁺ / Fe : E° = −0.44 V
Sn²⁺ / Sn : E° = −0.14 V

பெறுமானம் எவ்வளவு மறையாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு உலோகம் இலகுவாகக் கரையும். இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டபடி ஈரத்தில் இருந்தால் ஒரு கலம் உருவாகிறது. கூடுதலாக மறையானது அனோட்டாகி ஒட்சியேற்றப்படும், மற்றது கதோட்டாகித் தப்பிக்கும். கலத்தின் அழுத்தத்தைக் காண்பது எளிது:

E(கலம்) = E(கதோட்டு) − E(அனோட்டு)

வாளியில் நாகம் அனோட்டு, இரும்பு கதோட்டு: −0.44 − (−0.76) = +0.32 V. ரின்னில் இரும்பு அனோட்டு, வெள்ளீயம் கதோட்டு: −0.14 − (−0.44) = +0.30 V. விடை நேராக வந்தால் நாம் எழுதிய திசை சரி. மறையாக வந்தால் தாக்கம் எதிர்த்திசையில் நடக்கும்.

ஆகவே கீறலில் இரும்பு வெளியே தெரிந்தாலும், அருகில் நாகம் இருக்கும்வரை நாகம்தான் கரையும். ரின்னில் நிலைமை நேரெதிர்: வெள்ளீயம் அப்படியே இருக்க, கீறலில் தெரியும் இரும்பு கரைகிறது. பூச்சு முழுமையாக இருக்கும்வரை இரண்டும் நல்ல கவசங்களே. கீறல் விழுந்த பிறகுதான் ஒன்று காவலாளியாகவும் மற்றது பகையாகவும் மாறுகிறது.

இதை ஆய்வுகூடத்தில் கண்ணாலேயே காணலாம். ஓர் இரும்பு ஆணியில் நாகத் தகட்டையும் இன்னோர் ஆணியில் வெள்ளீயத் தகட்டையும் இறுக்கிச் சுற்ற வேண்டும். சிறிதளவு உப்பு, பொற்றாசியம் பெரிசயனைட்டு, பினோத்தலீன் ஆகியவை கலந்த ஏகார்க் கூழில் இரண்டையும் வைத்து மறுநாள் பார்த்தால் போதும். இரும்பு கரைந்து Fe²⁺ வந்த இடம் நீலமாகும். கதோட்டில் OH⁻ உண்டான இடம் இளஞ்சிவப்பாகும். வெள்ளீயம் சுற்றிய ஆணி நீலம் காட்டும், நாகம் சுற்றிய ஆணியில் நீலம் இராது.

இலத்திரன்களை வாங்குவது யார்?

இங்கே நம்மில் பலருக்கு ஒரு சந்தேகம் எழலாம். ரின்னின் வெளிப்புறத்திலுள்ள மழைநீரில் Sn²⁺ அயனே கிடையாது. அப்படியானால் இரும்பு விட்ட இலத்திரன்களை யார் ஏற்பது? வெள்ளீயம் அவற்றைக் கடத்தி விடுகிறது, அவ்வளவுதான். அதன் மேற்பரப்பில் காற்றிலிருந்து கரைந்த ஒட்சிசன் அவற்றை வாங்கிக்கொள்கிறது:

O₂ + 2H₂O + 4e⁻ → 4OH⁻  E° = +0.40 V

எனவே மேலே கண்ட 0.30 V எந்த உலோகம் அனோட்டாகும் என்பதைத் தீர்மானிக்கிறது. அரிப்பை முன்தள்ளும் முழு அழுத்தம் இரும்புக்கும் ஒட்சிசனுக்கும் இடையிலானது: 0.40 − (−0.44) = +0.84 V.

இப்பெறுமானமும் நியம நிலைக்கு உரியதே. அதாவது நீரில் Fe²⁺ உம் OH⁻ உம் 1 mol dm⁻³ செறிவில் இருக்கின்றன என்ற எடுகோளின்மீது கிடைத்த எண். நம் கிணற்று நீரோ கடற்காற்றின் ஈரமோ அப்படியல்ல. உண்மையான செறிவுக்குத் திருத்தம் செய்ய வேண்டும்.

ஒரு பூச்சியத்துக்கு 0.03 V

அந்தத் திருத்தத்தைத் தருவது 1889 இல் வால்தர் நேர்ன்ஸ்ற் வெளியிட்ட சமன்பாடு. இரண்டு இலத்திரன்களை விடும் உலோகத்துக்கு 25 °C இல் அது இவ்வாறு அமையும்:

E = E° + 0.03 log [M²⁺]

சரியான எண் 0.0296. கணக்கு இலகுவாக இருக்க 0.03 என்று எடுத்துக்கொள்கிறோம். இதன் பொருள், செறிவு பத்து மடங்கு குறையும் ஒவ்வொரு முறையும் உலோகத்தின் அழுத்தம் 0.03 V இறங்குகிறது என்பதே. சுற்றிலும் அயன் குறைந்தால் உலோகம் இன்னும் இலகுவாகக் கரையும் என்று புரிந்துகொள்ளலாம்.

இதைத் துருவுக்குப் பிரயோகிப்போம். Fe²⁺ இன் செறிவு 10⁻⁶ mol dm⁻³ எனக் கொள்வோம். அரிப்பு பற்றிய கணிப்புகளில், இதற்கு மேல் அயன் சேர்ந்தால் உலோகம் அரிபடுகிறது என்று சொல்வதற்கு வழக்கமாக எடுக்கும் எல்லை இது. அப்போது இரும்பின் அழுத்தம் −0.44 − (6 × 0.03) = −0.62 V. நடுநிலையான நீரில் OH⁻ இன் செறிவு 10⁻⁷. OH⁻ பத்து மடங்கு குறையும் ஒவ்வொரு முறையும் ஒட்சிசன் மின்வாயின் அழுத்தம் 0.06 V ஏறும். காற்றில் ஒட்சிசன் ஐந்தில் ஒரு பங்கே என்பதால் ஏறக்குறைய 0.01 V குறைத்தால் அது +0.81 V ஆகும். கலத்தின் அழுத்தம் 0.81 + 0.62, அதாவது ஏறக்குறைய 1.4 V.

நியமப் பெறுமானம் 0.84 V ஆக இருந்தது. உண்மைச் செறிவு திசையை மாற்றாமல் துருவுக்கு இன்னும் சாதகமாகவே அமைந்துவிட்டது. திசையை மாற்ற வேண்டுமானால் 0.84 V முழுவதையும் செறிவாலேயே சமன்செய்ய வேண்டும். அதற்குத் தேவைப்படும் எண் 1 இன் பின்னே ஐம்பத்தேழு பூச்சியங்கள். எந்தக் கிணற்றிலும் எந்தக் கடலிலும் அது நடவாது.

இங்கிருந்து ஒரு பயனுள்ள விதி கிடைக்கிறது. E° வித்தியாசத்தைப் பார்த்தவுடனே, செறிவு எவ்வளவு மாறினால் தாக்கம் திரும்பும் என்பதைச் சொல்லிவிடலாம். இரு உலோகங்களும் M²⁺ அயன் தருவனவாயின், வித்தியாசத்தை 0.03 ஆல் வகுத்தால் தேவையான பூச்சியங்களின் எண்ணிக்கை வரும். இரும்புக்கும் வெள்ளீயத்துக்கும் இடையே 0.30 V. ஆகவே பத்துப் பூச்சியங்கள்.

அன்னாசிச் சாற்றினுள் பத்துப் பூச்சியங்கள்

பத்துப் பூச்சியம் என்றால் ஆயிரம் கோடி மடங்கு. Sn²⁺ இன் செறிவு Fe²⁺ இன் செறிவைவிட ஆயிரம் கோடி மடங்கு குறைந்தால் வெள்ளீயமும் இரும்பும் சமமாகிவிடும். அதைவிடவும் குறைந்தால் வெள்ளீயம் அனோட்டாகும். கேட்கும்போது இதுவும் நடவாத காரியம் போலத்தான் தோன்றும்.

நடக்கவைப்பது பழத்திலுள்ள அமிலங்கள். அன்னாசியில் சிற்றிக்கமிலமும் மலிக்கமிலமும் உள்ளன. அவற்றிலிருந்து வரும் அயன்கள் Sn²⁺ ஐச் சுற்றிவளைத்துப் பிடித்துச் சிக்கல் அயன்களாக்கிவிடுகின்றன. Fe²⁺ ஐவிட Sn²⁺ ஐ அவை இறுக்கமாகப் பிடிக்கின்றன. சாற்றில் கரைந்திருக்கும் மொத்த வெள்ளீயம் கணிசமாக இருந்தாலும், பிடிபடாமல் சுயாதீனமாக உள்ள Sn²⁺ மிகமிகச் சொற்பம். நேர்ன்ஸ்ற் சமன்பாட்டில் பிரதியிட வேண்டியது மொத்தத்தை அல்ல, சுயாதீனமாக உள்ள அயனின் செறிவை. இந்த இடத்தைக் கவனியாவிட்டால் முழுக் கணக்கும் பிழைத்துவிடும்.

மூன்று நிலைகளை ஒப்பிடுவோம். Fe²⁺ இன் செறிவை எல்லாவற்றிலும் 10⁻⁴ mol dm⁻³ என வைப்போம். இரும்பின் அழுத்தம் −0.44 − 0.12 = −0.56 V.

முதலாவது, Sn²⁺ உம் 10⁻⁴. வெள்ளீயத்தின் அழுத்தம் −0.14 − 0.12 = −0.26 V. வித்தியாசம் அதே 0.30 V. இரண்டு செறிவுகளும் ஒன்றாகக் குறைந்தால் திசையில் எந்த மாற்றமும் வராது.

இரண்டாவது, சுயாதீன Sn²⁺ 10⁻¹⁴. வெள்ளீயம் −0.14 − 0.42 = −0.56 V. இரண்டும் சமம், கலத்தின் அழுத்தம் பூச்சியம்.

மூன்றாவது, சுயாதீன Sn²⁺ 10⁻¹⁶. வெள்ளீயம் −0.14 − 0.48 = −0.62 V. இப்போது வெள்ளீயம் இரும்பைவிட மறையானது. −0.56 − (−0.62) = +0.06 V. வெள்ளீயம் அனோட்டு, இரும்பு கதோட்டு. திசை திரும்பிவிட்டது.

10⁻¹⁶ என்பது ஒன்றுமேயில்லை என்று நினைக்க வேண்டாம். அவகாதரோ எண்ணால் பெருக்கினால் ஒரு லீற்றரில் ஆறு கோடி அயன்கள் வரும்.

இது சமநிலைக்குரிய கணக்கு என்பதையும் சொல்லியாக வேண்டும். அமிலத்தில் இரும்பின் மேற்பரப்பில் H⁺ அயன்கள் இலகுவாக ஐதரசனாக மாறுவதால், இரும்பின் உண்மையான அழுத்தம் சமநிலைப் பெறுமானத்தைவிடச் சற்று மேலே நிற்கும். வெள்ளீயத்தின் மீது ஐதரசன் வெளிவருவது மிகவும் கடினம், ஆதலால் அது தன் பெறுமானத்துக்கு அருகிலேயே நிற்கும். எனவே நடைமுறையில் திசை திரும்புவதற்குப் பத்துப் பூச்சியங்கள் முழுவதும் தேவைப்படாது. கணக்கு காட்டுவது மாற்றத்தின் திசையையும் அளவையும்தான்.

ரின்னின் வெளிப்புறத்தில் இது ஏன் நடப்பதில்லை என்பதும் இப்போது விளங்கும். மழைநீரிலும் கடலுப்பிலும் Sn²⁺ ஐ அப்படி இறுக்கிப் பிடிக்க எதுவுமில்லை. அங்கே அட்டவணை சொன்ன திசையே நிலைக்கிறது.

வோல்ற்று வேகம் அல்ல

கலத்தின் அழுத்தம் தாக்கம் நடக்குமா, எத்திசையில் நடக்கும் என்பதைச் சொல்லும். எவ்வளவு விரைவாக நடக்கும் என்பதைச் சொல்லாது. வாளிக்கும் ரின்னுக்கும் கிடைத்த 0.32 உம் 0.30 உம் கிட்டத்தட்ட ஒரே எண்கள். அவற்றின் கதியோ வேறு.

வேகத்தைத் தீர்மானிப்பவற்றுள் ஒன்று பரப்பளவு. ரின்னின் வெளிப்புறத்தில் மெல்லிய கீறல் மட்டுமே அனோட்டு, சுற்றியுள்ள வெள்ளீயம் முழுவதும் கதோட்டு. பெரிய பரப்பில் ஒட்சிசன் வாங்கும் இலத்திரன்கள் எல்லாவற்றையும் அந்தச் சின்னக் கோடே கொடுக்க வேண்டும். அதனால்தான் தகடு பரவலாகத் தேயாமல் கோட்டின் வழியே துளைபடுகிறது. உட்புறத்தில் நிலைமை மறுதலை. வெள்ளீயம் முழுவதும் அனோட்டு, பூச்சிலுள்ள நுண்துளைகளில் தெரியும் இரும்பு மட்டுமே கதோட்டு. இலத்திரன்களை வாங்கும் இடம் சிறியதாதலால் வெள்ளீயம் மெதுவாக, எல்லா இடத்திலும் சமமாகக் கரைகிறது. அதனால் ரின் பல மாதங்கள் தாங்குகிறது.

மற்றது நீரின் கடத்துதிறன். குடாநாட்டில் கரையோரக் கிணறுகள் பல உவரானவை. உப்பு கூடினால் அயன்கள் இலகுவாக நகரும், கலத்தின் மின்னோட்டம் கூடும். அதே வாளி நன்னீர்க் கிணற்றைவிட உவர்க் கிணற்றில் விரைவில் தன் நாகத்தை இழக்கும்.

அட்டவணையால் காணமுடியாத இன்னொன்றும் உண்டு. உலோகத்தின் மேல் படியும் படலம் அதன் நடத்தையை மாற்றிவிடும். இருகாபனேற்று மிகுந்த சில நீர்களில் வெப்பநிலை ஏறக்குறைய 60 °C ஐத் தாண்டும்போது, நாகத்தின் மேல் உண்டாகும் படலத்தால் நாகம் கதோட்டாகி இரும்பு அரிபடுவது அறியப்பட்ட விடயம். எங்கள் சுண்ணக்கல் நிலத்து நீரில் இருகாபனேற்று தாராளம். ஆகவே குளிர்ந்த கிணற்று நீருக்கு நல்ல கல்வனைஸ் பாத்திரத்தைச் சுடுநீருக்கும் அப்படியே நம்பிவிட முடியாது.

திறந்த ரின்னை அப்படியே வைக்கலாமா?

நோன்பு காலத்தில் பழக்கலவைக்கு அன்னாசி ரின் வாங்காத வீடு எங்கள் பக்கத்தில் குறைவு. பாதியை எடுத்து மீதியை ரின்னோடு குளிர்சாதனப்பெட்டியில் வைப்பதும் வழக்கம். இதே கணக்கு இதற்கும் பதில் தருகிறது.

மூடிய ரின்னில் ஒட்சிசன் மிகக் குறைவு. இலத்திரன்களை வாங்க H⁺ மட்டுமே உண்டு. அன்னாசிச் சாற்றின் pH ஏறக்குறைய 3.5, ஆகவே ஐதரசன் மின்வாயின் அழுத்தம் −0.06 × 3.5 = −0.21 V. வெள்ளீயத்தை −0.62 V என எடுத்தால் கலத்தின் அழுத்தம் −0.21 − (−0.62) = +0.41 V. அதுவும் சிறிதளவு இரும்புப் பரப்பில் மெதுவாகவே நடக்கிறது.

ரின்னைத் திறந்ததும் ஒட்சிசன் வருகிறது. அதே pH இல் ஒட்சிசனின் அழுத்தம் ஏறக்குறைய +1.02 V. கலத்தின் அழுத்தம் 1.02 + 0.62, அதாவது 1.6 V. அழுத்தம் நான்கு மடங்கானதைவிட முக்கியமானது, ஒட்சிசன் வெள்ளீயத்தின் முழுப் பரப்பிலும் நேரடியாகவே இலத்திரன்களை வாங்கும் என்பது. மாதங்களாக மெதுவாக நடந்தது இப்போது நாட்களில் நடக்கிறது.

ரின்னில் அடைத்த உணவுக்கு கோடெக்ஸ் எனப்படும் சர்வதேச உணவுத் தர விதி அனுமதிக்கும் வெள்ளீயத்தின் உச்ச அளவு கிலோவுக்கு 250 மில்லிகிராம், பானங்களுக்கு 150. அரைக் கிலோவுக்குச் சற்று மேல் கொள்ளும் ரின்னின் உட்பரப்பு ஏறக்குறைய 0.04 சதுர மீற்றர். சதுர மீற்றருக்கு 11.2 கிராம் வெள்ளீயம் பூசிய தகடாயின் உள்ளே ஏறத்தாழ 0.45 கிராம் இருக்கும். அது முழுவதும் கரைந்தால் கிலோவுக்கு 800 மில்லிகிராம் வரும். அதாவது எல்லையைத் தாண்டுவதற்குப் பூச்சில் மூன்றிலொரு பங்கு கரைந்தாலே போதும். அளவு கூடினால் வயிற்றுக் குமட்டலும் வாந்தியும் உண்டாகலாம். மீதியைக் கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றிவிட்டால் இந்தக் கலமே இல்லாமற் போகும்.

உம்மாமார் கேட்கும் இன்னொரு கேள்வி, ஊதிப்போன ரின்னைப் பற்றியது. உள்ளே வெள்ளீயம் தீர்ந்துபோனால் காவல் முடிந்துவிடுகிறது. இரும்பே நேரடியாக அமிலத்தில் கரைந்து ஐதரசன் வாயு சேரும், ரின் வீங்கும். கிருமிகள் பெருகி வாயு வந்தாலும் ரின் அதேபோல்தான் வீங்கும். வெளியே நின்று பார்ப்பவரால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. ஆகவே வீங்கிய ரின் எதுவாயினும் திறவாமலே எறிய வேண்டியதுதான்.

ரின்மீன் போன்றவற்றின் உட்புறம் பெரும்பாலும் பொன்னிற மெழுகுப் பூச்சு இடப்பட்டிருக்கும். அங்கே உணவு உலோகத்தைத் தொடுவதில்லை என்பதால் மேலே சொன்ன வெள்ளீயக் கணக்கு அப்படியே பொருந்தாது. ரின்னைத் திறந்ததும் உட்புறம் வெள்ளியாக இருக்கிறதா, பொன்னிறமாக இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளி நிறமானால் நீங்கள் காண்பது இரும்புக்காகக் கரைந்துகொண்டிருக்கும் வெள்ளீயத்தை.